‘மெயில் போட்டு விடுங்க’

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். காலை பதினொன்றரை மணி. கொள்முதல் மேலாளரின் கைபேசி ஒலிக்கிறது, தெரியாத எண். கோவையில் அட்டைப்பெட்டி தயாரிக்கும் சிறிய ஆலை ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி பேசுகிறார். பெயரையும் ஊரையும் சொல்லி முடிப்பதற்குள் மேலாளர் குறுக்கிடுகிறார்: “பாக்ஸுங்களா? ஏற்கனவே ரெண்டு பேர்த்துகிட்ட வாங்கறமுங்க. இப்ப கன்டெய்னர் லோடிங் ஓடிட்டு இருக்குது. மெயில் போட்டு விடுங்க.” இணைப்பு துண்டிக்கப்படுகிறது. மொத்தம் நாற்பது வினாடி.

இது ஒரு தனி நிறுவனத்தின் கதை அல்ல. முன்பின் அறிமுகமில்லாதவர்களைக் கூப்பிட்டு விற்கும் ‘கோல்டு கால்’ வேலையில் இருப்பவர்களுக்கு நாள்தோறும் நேர்வதன் ஒரு மாதிரி. இந்த நாற்பது வினாடிக்குப் பிறகு அந்தப் பிரதிநிதி என்ன எழுதுகிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். ‘நாம் தொலைபேசியில் விவாதித்தபடி’ என்று தொடங்கும் ஆயத்தக் கடிதத்தை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, நிறுவனத்தின் வரலாறு, இயந்திரங்களின் படங்கள், சான்றிதழ்கள் எல்லாம் அடங்கிய கனமான கோப்பை இணைத்து அனுப்பிவிடுவார்கள். முதல் வரியிலேயே கோளாறு. அங்கே எதுவும் விவாதிக்கப்படவில்லை, ஒருவர் பேச்சை வெட்டினார், அவ்வளவுதான். படிக்கிறவருக்கு அது நன்றாக நினைவிருக்கும். நடக்காத பேச்சு நடந்ததாக எழுதியவரின் விலையையும் தேதியையும் அவர் எப்படி நம்புவார்? தலைப்பில் Re: என்று போட்டு, ஏற்கனவே கடிதப் போக்குவரத்து இருப்பதுபோல் காட்டுவதும் இதே ரகம்தான்.

மேலாளர் எரிச்சலோடு பேசினாலும் மூன்று தகவல்களைக் கொடுத்திருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு பேரிடம் வாங்குகிறார். அந்த நேரத்தில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். மெயில் அனுப்பச் சொன்னார். இந்த மூன்றில் கடைசியை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ‘மெயில் போடுங்க’ என்பது பெரும்பாலும் போனை வைப்பதற்கான மரியாதையான வழி. உண்மையான ஆர்வமா என்று தெரிந்துகொள்ள ஓர் அடையாளம் உண்டு: முகவரியை அவரே எழுத்துக் கூட்டிச் சொல்கிறாரா, ‘எந்த சைஸ் போடறீங்க?’ என்பதுபோல் ஏதாவது கேட்கிறாரா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அவர் எதையும் எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. கடிதம் அதை அறிந்தே எழுதப்பட வேண்டும்.

முதல் தகவல்தான் பொன். இரண்டு பேரிடம் வாங்குபவரிடம் போய் ‘நாங்கள் அவர்களைவிடச் சிறந்தவர்கள்’ என்றால், அவர் எடுத்த முடிவையே குறை சொல்வதாகிவிடும். ஆனால் ஏற்றுமதித் தொழிலில் கப்பல் தேதி யாருக்காகவும் காத்திருக்காது. துணி தயாராகி, பெட்டி வராமல் நிற்கும் நாள் எந்த நிறுவனத்துக்கும் வரலாம். மூன்றாவது ஆளுக்கு இடம் இருப்பது அந்த நாளில்தான். எனவே கடிதம் இப்படி அமையலாம்:

பொருள்: காலை போன் – அவசரத்துக்கு 5 பிளை பெட்டி

வணக்கம் சார். இன்று காலை லோடிங் நேரத்தில் கூப்பிட்டுவிட்டேன், மன்னிக்கவும். பெட்டிக்கு ஏற்கனவே இரண்டு பேர் இருப்பதாகச் சொன்னீர்கள். அவர்களை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. கப்பல் தேதிக்கு முன் பெட்டி குறைந்தால், 5 பிளையில் 500 பெட்டி வரை மூன்று நாளில் கோவையிலிருந்து உங்கள் கோடவுனில் இறக்கித் தருகிறோம். அப்படிப்பட்ட அவசரத்துக்கு எங்கள் எண்ணை வைத்துக்கொள்ளலாமா? ‘சரி’ என்று ஒரு வார்த்தை அனுப்பினால் போதும்.

கீழே பெயர், கைபேசி எண், ஆலை இருக்கும் இடம். இணைப்பு எதுவும் வேண்டாம். கைபேசியில் ஒரே பார்வையில் படித்து முடிக்கலாம். மன்னிப்பு ஒரே வரியோடு நிற்கிறது. அதற்கு மேல் நீட்டினால் அவரைக் குற்றவுணர்ச்சிக்கு ஆளாக்குவதுபோல் ஆகிவிடும். ‘நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள்’ என்ற வார்த்தை எங்கும் இல்லை. கேள்வி ஒன்றுதான், அதற்குப் பதில் சொல்ல யோசிக்கவோ, யாரையும் கேட்கவோ தேவையில்லை. ‘அடுத்த வாரம் நேரில் சந்திக்கலாமா?’ என்று கேட்டிருந்தால், நாற்பது வினாடி கொடுக்க மனமில்லாதவரிடம் அரை மணி நேரம் கேட்டதாகியிருக்கும்.

அந்த ‘500 பெட்டி, மூன்று நாள்’ என்ற வாக்கு உண்மையாக இருக்க வேண்டும். உற்பத்திப் பிரிவைக் கேட்காமல் எழுதக் கூடாது. பெட்டிமேல் அச்சிடும் ஷிப்பிங் மார்க்குக்குப் புதிய அச்சுத் தகடு செய்ய வேண்டியிருந்தால் நாள் கூடும். அப்படியானால் ‘அச்சில்லாத பெட்டி’ என்று கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும். அவசரத்தில் நம்பி ஆர்டர் கொடுத்தவரைக் கைவிட்டால் அந்தக் கதவு அதோடு சாத்திக்கொள்ளும்.

எப்போது அனுப்புவது? அவர் குறிப்பாக ஏதேனும் கேட்டிருந்தால் உடனே. கேட்கவில்லையென்றால் அன்றே, ஆனால் மாலையில், வண்டி கிளம்பியிருக்கும் நேரத்தில். போனை வைத்த மறுநிமிடம் அனுப்பினால், லோடிங் முடிந்து அவர் திரும்பும்போது அது இருபது மெயில்களுக்கு அடியில் கிடக்கும். இரண்டு நாள் கழித்து அனுப்பினாலோ காலை போன் என்றாலே எது என்று அவருக்குப் புரியாது. முகவரி கிடைக்காவிட்டால், நிறுவனத்தின் பொது எண்ணுக்குக் கூப்பிட்டு வரவேற்பில் கேட்பது நேர்மையான வழி. info@ என்று தொடங்கும் முகவரிக்கு அனுப்பினால் அது யார் கண்ணில் படும் என்று சொல்ல முடியாது.

பிறகு வருவது காத்திருப்பு. பலர் இங்கே ‘மெயில் திறக்கப்பட்டது’ என்று காட்டும் மென்பொருளை நம்பி, உடனே போன் போட்டு ‘என் மெயிலைப் பார்த்தீர்களே’ என்பார்கள். இதைவிட எரிச்சலூட்டுவது வேறில்லை. போதாததற்கு அந்தத் தகவலே பல நேரம் தவறு: ஆப்பிள் நிறுவனம் 2021இல் கொண்டுவந்த அந்தரங்கப் பாதுகாப்பு வசதி, அதன் மெயில் செயலியில் வரும் கடிதங்களின் படங்களைப் பயனர் திறக்காமலேயே தானாக இறக்கி வைத்துவிடுகிறது. யாரும் படிக்காத கடிதமும் படித்ததாகக் காட்டும்.

நான்கைந்து வேலை நாள் கழித்து, அதே கடிதத்துக்குக் கீழேயே ஒரு சிறு பதில் எழுதலாம். ‘நினைவூட்டுகிறேன்’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை. புதிதாக ஒரு செய்தி வேண்டும். மழைக்காலமானால், ஈரத்தில் அட்டைப்பெட்டியின் அடுக்குத் தாங்கும் வலு குறைவதையும், அதற்கு ஆலை என்ன செய்கிறது என்பதையும் இரண்டு வரியில் சொல்லலாம். அதற்குப் பின் ஒரே ஒரு போன், பதினொன்றரைக்கு அல்லாமல் மாலை நேரத்தில். ‘ரேட்?’ என்று ஒற்றைச் சொல் பதிலாக வந்தால், விலைப்பட்டியலைத் தூக்கிப் போடாமல் பெட்டியின் நீள அகல உயரத்தை மட்டும் கேட்டு வாங்கி, அன்றே விலை சொல்லிவிட வேண்டும்.

சென்னையிலிருந்து அமெரிக்க நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்பவர்களுக்கு ஒரு சட்டக் கட்டுப்பாடும் உண்டு. அந்நாட்டின் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, வணிக மெயிலில் ஏமாற்றும் தலைப்பு கூடாது. அனுப்புபவரின் அஞ்சல் முகவரி இருக்க வேண்டும். ‘இனி வேண்டாம்’ என்றவருக்கு 10 வேலை நாட்களுக்குள் நிறுத்திவிட வேண்டும்.

திருப்பூர் மேலாளர் ‘மெயில் போடுங்க’ என்பதற்குப் பதில் ‘இனிமே கூப்பிடாதீங்க’ என்று சொல்லியிருந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அப்போது மாலைக் கடிதம் இல்லை, மன்னிப்புக் கடிதமும் இல்லை. அந்த எண்ணுக்கு எதிரே ‘கூப்பிட வேண்டாம்’ என்று குறித்து, நாளை இதே பட்டியலை எடுத்து உட்காரப்போகும் சக ஊழியருக்கும் அது தெரியும்படி செய்துவிடுங்கள்.