ஹைட்ராலிக் இயந்திரத்திற்கு ஏற்ற பம்பு எது?

ஹைட்ராலிக் இயந்திரங்களில் எண்ணெயைச் செலுத்தப் பல்சக்கரப் பம்பு, தகட்டுப் பம்பு, பிஸ்டன் பம்பு என மூவகைப் பம்புகள் வழக்கில் உள்ளன. அழுத்தம், பாய்வு, விலை என்னும் மூன்றோடு, இயந்திரம் அழுத்தத்தை எவ்வளவு நேரம் தாங்கி நிற்க வேண்டும் என்பதையும் கருதியே இவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தல் வேண்டும்.

ஒரு பட்டறையில், வளைந்த தண்டுகளை நிமிர்த்த 20 டன் விசையுள்ள அழுத்துப்பொறி தேவைப்படுவதாகக் கொள்வோம். அதன் உருளையின் உள்விட்டம் 125 மி.மீ. எனில், பரப்பு ஏறத்தாழ 123 சதுர செ.மீ. ஆகும். எனவே தேவையான அழுத்தம் 160 பார். உருளையின் தண்டு வினாடிக்கு 1 செ.மீ. நகர வேண்டுமாயின், நிமிடத்திற்குச் சுமார் 7.4 லிட்டர் எண்ணெய் வேண்டும். மோட்டார் நிமிடத்திற்கு 1440 சுற்றுகள் சுழலுமெனில், கசிவிற்கும் இடம் விட்டு, ஒரு சுற்றுக்கு 6 கன செ.மீ. எண்ணெய் தரும் பம்பு போதும்.

சாதாரணத் தகட்டுப் பம்புகள் 140 முதல் 175 பார் வரை தாங்கும், ஓசையும் குறைவு. ஆயினும் இங்கு அவை தம் எல்லையை ஒட்டியே இயங்கும். தூய எண்ணெயும் அவற்றிற்கு இன்றியமையாதது. 300 பாரையும் தாங்கவல்ல பிஸ்டன் பம்பின் விலையோ பன்மடங்கு. 200 பாருக்கு மேலும் தாங்கும் பல்சக்கரப் பம்பு மலிவானது. ஓசை சற்று மிகுதி. சில வினாடிகளே அழுத்தும் இவ்வேலைக்கு அதுவே தகுந்தது.

அதே பொறி ரப்பர் அச்சுக்குப் பயன்படுமாயின் நிலைமை மாறும். அச்சைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தல் வேண்டும். அப்போது பல்சக்கரப் பம்பு தரும் எண்ணெய் முழுதும் பாதுகாப்பு வால்வின் வழியே தொட்டிக்குத் திரும்பும். சுமார் 2 கிலோவாட் ஆற்றல் வெப்பமாகும். 40 லிட்டர் எண்ணெயில் வெப்பநிலை நிமிடத்திற்கு ஏறத்தாழ 2 பாகை உயரும். எண்ணெய் இளகிக் கசிவு பெருகும். உருளையின் அடைப்பு வளையங்களும் கெடும். அழுத்தம் எட்டியதும் பாய்வைத் தானே குறைத்துக்கொள்ளும் பிஸ்டன் பம்பு இவ்விழப்பைப் பெரிதும் தவிர்க்கும்.

எனினும் உடனே அதை வாங்க வேண்டியதில்லை. உருளைக்கு முன் ஒருவழி வால்வு பொருத்தி, அழுத்தம் எட்டியதும் மோட்டாரை நிறுத்தி, அது குறையும்போது மீண்டும் ஓட்டும் அழுத்த விசையும் அமைத்தால், மலிவான பம்பே போதும். உருளை கசியுமாயின், மோட்டார் அடிக்கடி இயங்குவதிலிருந்தே அது புலப்படும். பல பொறிகளுக்கு ஒரே பம்பு நாள் முழுதும் மாறும் பாய்வைத் தர வேண்டியிருப்பின், பிஸ்டன் பம்பின் விலை தகும்.

பொருத்திய பின்னும் கவனம் தேவை. சுமையின்றி வழக்கமான வேகத்தில் நகரும் தண்டு, சுமையேற்றியதும் மெதுவாகுமாயின், பம்பு தேய்ந்து உட்கசிவு மிகுந்திருத்தல் கூடும். பம்பில் கடகடவென்னும் ஓசை எழுமாயின், முதலில் உறிஞ்சு வடிகட்டியைச் சோதித்தல் வேண்டும். அது அடைபட்டிருந்தால் எவ்வகைப் பம்பும் விரைவில் பழுதுறும்.