அழித்த படத்தில் இருக்கும் மீட்டர் கணக்கு

பெங்களூரில் வாடகை வீடு மாறும் நம்மவர்கள் பலர், குடிபுகும் நாளன்று மின்சார மீட்டரைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்கின்றனர். முன்பிருந்தவர் செலவிட்ட மின்சாரம் எவ்வளவு, நாம் செலவிடுவது எவ்வளவு என்பதைப் பிரித்துக் காட்ட அந்த ஒரு படமே ஆதாரம். சில நாள் கழித்து, கைப்பேசியில் இடமில்லையென்று பழைய படங்களை அழிக்கும்போது அதுவும் போய்விடுகிறது. வீட்டுக்காரர் கணக்குக் கேட்கும்போதுதான் அதன் அருமை தெரிகிறது.

அழித்த படம் உடனே மறைந்துவிடுவதில்லை. கூகுள் போட்டோஸில் Trash அல்லது Bin என்ற பெட்டியில் அது தங்கியிருக்கும். இணையத்தில் காப்பு எடுத்த படமாயின் 60 நாள், அல்லாதது 30 நாள். ஆப்பிள் கைப்பேசியில் Recently Deleted என்னும் பகுதியில் 30 நாள் வரை இருக்கும். அப்பெட்டியையும் காலி செய்திருந்தால் படத்தை நம்புவதற்கில்லை. அதன் பிறகு பழைய பில்லில் அச்சிட்ட அளவே துணை.

படம் கிடைத்தால் முதலில் அதை மீட்டுக்கொள்க. பின்னர் அதன் விவரத்தைத் திறந்து, எடுத்த நாளையும் நேரத்தையும் பார்க்க வேண்டும். மீட்டெடுத்த நாளன்று, படம் எடுத்த நாளே கணக்குக்கு உரியது. வாட்ஸ்அப் வழியே பிறரிடமிருந்து வந்த படமாயின் எடுத்த நாள் அதில் இராது. வந்து சேர்ந்த நாளே தெரியும்.

அடுத்து, படத்தில் இருப்பது உண்மையில் எந்த எண் என்று அறிய வேண்டும். மின்னணு மீட்டரின் திரை ஒரே எண்ணைக் காட்டி நிற்பதில்லை. தேதி, நேரம், மின்னழுத்தம், உச்சத் தேவை, செலவு எனச் சுழன்றுகொண்டே இருக்கும். எண்ணின் அருகே kWh என்று இருந்தால்தான் அது நாம் ‘யூனிட்’ என்று சொல்லும் செலவு. kW என்றிருப்பது உச்சத் தேவை. 08.10.22 போன்றது மணியாக இருக்கலாம். ஆகையால் அலகில்லாத எண்ணைக் கணக்கில் சேர்க்கலாகாது.

ஓர் எடுத்துக்காட்டுப் பார்ப்போம். ஒருவர் அல்சூரில் ஜூன் 1 அன்று குடியேறி, 20 அன்று படத்தை அழித்து, 28 அன்று மீட்டார் என்று கொள்வோம். படத்தில் நான்காம் இலக்கம் ஒளிபட்டு மங்கியுள்ளது. அது 6-ஆ, 8-ஆ என்பது ஐயம். அவர் இவ்வாறு தட்டெழுதுகிறார்:

```
படம் எடுத்தது: 01-06, காலை 8.10
மீட்டர் எண், கடைசி 4 இலக்கம்: 5517
012?64.7 kWh
ஐயம்: 6 அல்லது 8
படத்தைப் பார்த்து எழுதியது: 28-06
```

கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் மேலே எழுதி, ஐயத்தைத் தனி வரியில் வைத்தது அறிந்து செய்த செயலாகும். ஐயத்தைத் தீர்ப்பது பெஸ்காம் பில். மே 28-க்குரிய பில்லில் அளவு 012851 என்று அச்சாகியுள்ளது. மீட்டர் பின்னோக்கி ஓடாது. எனவே 012664 ஆக முடியாது. எண் 012864.7 தான். ஜூன் 30-இல் மீட்டர் 013009.2 காட்டினால், கழித்து வரும் 144.5 யூனிட் அவருடைய செலவு. புள்ளியை விட்டு 0128647 என்று எழுதியிருந்தால், புதிய அளவு பழையதைவிடக் குறைந்து கணக்கே தலைகீழாகியிருக்கும்.

நீர் மீட்டரிலும் புள்ளியே சிக்கல். சுழலும் எண்களைக் கொண்ட மீட்டர்களில், கருப்பு இலக்கங்கள் கன மீட்டரையும், சிவப்பு இலக்கங்கள் அதன் பின்னத்தையும் காட்டுவது வழக்கம். ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். பெங்களூரு குடிநீர் வாரியம் பில் போடும் கிலோலிட்டரும் அதுவே. கருப்பில் 00437, சிவப்பில் 286 என்றிருந்தால் 437.286 m³ என்று எழுதுக. 437286 என்று மட்டும் எழுதினால், படிப்பவர் அதை லிட்டரெனக் கொள்வாரோ கன மீட்டரெனக் கொள்வாரோ, யாரறிவார்?

இறுதியாக ஒன்று. தட்டெழுதிய எண் நமது சொல்லே, படந்தான் சான்று. ஆகவே மீட்ட படத்தையும் எழுதிய குறிப்பையும் அன்றே வீட்டுக்காரருக்கு அனுப்பி, அவர் ‘சரி’ என்று பதில் எழுதியபின், முன்பணம் திரும்பிக் கைக்கு வரும்வரை இரண்டையும் வைத்திருப்பதே முறை.