சோதனைக்கு 1 வேண்டாம்

நியூரல் நெட்வொர்க்குக்கு நிரல் எழுதுபவர்களை அதிகம் அலைக்கழிப்பது, நிரலை நிறுத்தாத பிழைதான். கையால் வகைக்கெழு கண்டு எழுதிய வரியில் ஒரு பெருக்கல் விட்டுப்போனாலும் கம்ப்யூட்டர் எதுவும் சொல்லாது. நெட்வொர்க்கும் ஓரளவு கற்றுக்கொண்டே போகும். விளைவு மட்டும் எதிர்பார்த்ததைவிட மட்டமாக இருக்கும். தரவு போதவில்லை என்று நினைத்து, பிழை இல்லாத இடங்களையெல்லாம் தோண்டிக்கொண்டிருப்போம்.

நெட்வொர்க் கற்பது என்றால் தன்னிடமுள்ள எடைகளைத் திருத்திக்கொள்வது. விடை எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்பதைக் காட்டும் எண்ணுக்கு இழப்பு என்று பெயர். ஓர் எடையைச் சிறிது கூட்டினால் இழப்பு என்ன வேகத்தில் மாறும்? அந்த வேகம்தான் கிரேடியன்ட். அது பள்ளியில் படித்த வகைக்கெழுவேதான்.

ஒரே ஒரு நியூரானை எடுத்துக்கொள்வோம். உள்ளீடு x = 2, எடை w = 0.5. இரண்டையும் பெருக்கினால் 1. அதைச் சிக்மாய்டு சார்பில் இட்டால் வெளியீடு a = 0.731059. வந்திருக்க வேண்டிய விடை 0. வித்தியாசத்தின் வர்க்கத்தில் பாதியை இழப்பாகக் கொண்டால், அது 0.267223. இனி கிரேடியன்ட். சங்கிலி விதிப்படி மூன்று எண்களைப் பெருக்க வேண்டும்: வித்தியாசம் 0.731059, சிக்மாய்டின் வகைக்கெழுவான a(1−a), அதாவது 0.196612, கடைசியாக உள்ளீடு 2. பெருக்கினால் 0.287470.

இது சரிதானா என்று பார்க்க நுண்கணிதமே தேவையில்லை. எடையை உண்மையிலேயே சிறிது நகர்த்தி, இழப்பு எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தால் போதும்.

```
(L(w + h) - L(w - h)) / (2 * h)
```

h = 0.01 என்று வைப்போம். w = 0.51 ஆகும்போது இழப்பு 0.270092; 0.49 ஆகும்போது 0.264343. வித்தியாசத்தை 0.02ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.28746. கையால் கண்ட விடையோடு நான்கு தசம இடங்கள்வரை ஒத்துப்போகிறது. ஒரு பக்கம் மட்டும் நகர்த்தியிருந்தால் 0.2869தான் கிடைத்திருக்கும். இரு பக்கமும் நகர்த்தும்போது கோட்டின் வளைவால் வரும் பிழை ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால், ஒரு கணக்கீடு கூடுதலாகச் செய்தாலும் அது வீண் போவதில்லை.

இப்போது நிரலில் கடைசிப் பெருக்கலை, அதாவது உள்ளீட்டை, மறந்துவிட்டோம் என்று வையுங்கள். நிரல் 0.143735 என்று சொல்லும், சோதனை 0.28746 என்று சொல்லும். பிழை இருக்கிறது என்பதோடு அது எங்கே இருக்கிறது என்பதும் இதில் தெரிகிறது. விகிதம் சரியாக 2, உள்ளீடும் 2. விகிதம் ஒரு தொகுதியில் உள்ள மாதிரிகளின் எண்ணிக்கைக்குச் சமமாக வந்தால், சராசரி எடுக்க மறந்திருப்போம் என்று சந்தேகிக்கலாம். அதனால் பொருந்தவில்லை என்றதும் சூத்திரத்தை முதலிலிருந்து எழுதத் தொடங்காமல், ஓர் எண்ணை மற்றதால் வகுத்துப் பார்ப்பதே நல்லது.

உள்ளீடு 2 என்று இல்லாமல் 1 என்று இருந்திருந்தால், உள்ளீட்டால் பெருக்கினாலும் பெருக்காவிட்டாலும் விடை ஒன்றே. தவறான நிரல் சோதனையில் தேறிவிடும். வசதிக்காக 0, 1 போன்ற எண்களைக் கொடுத்துச் சோதிப்பவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். 1.7, −0.43 என்று கரடுமுரடான எண்களையே கொடுக்க வேண்டும்.

h எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது என்று தோன்றும். அப்படியில்லை. 32 பிட் எண்களில் சுமார் ஏழு இலக்கங்களே நிற்கும். h = 0.0000001 என்று வைத்தால், இரண்டு இழப்புகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் அந்த ஏழாம் இலக்கத்திலேயே மங்கிப்போகும். கழித்தால் மிஞ்சுவது குப்பை. 64 பிட் எண்களில் h-ஐ 0.00001 அளவில் வைப்பது வழக்கம்.

சரியான நிரல் தவறாகத் தெரிவதும் உண்டு. ரெலு சார்பு 0-வுக்குக் கீழே தட்டையாக இருக்கும், மேலே நேராக ஏறும். உள்ளே வரும் எண் −0.002 என்றால் உண்மையான வகைக்கெழு 0. ஆனால் h = 0.01 என்று நகர்த்தினால் ஒரு பக்கம் மடிப்பைத் தாண்டிவிடும், சோதனை 0.4 என்று சொல்லும். ஆயிரம் எடைகளில் ஓரிரண்டு மட்டும் இப்படிப் பொருந்தாமல் போனால், h-ஐக் குறைத்து மறுபடி பார்க்க வேண்டும். மடிப்பினால் வந்த வேறுபாடு என்றால் மறையும். நிரலின் பிழை அப்படியே நிற்கும்.

ஒவ்வோர் எடைக்கும் இழப்பை இரண்டு முறை கணக்கிட வேண்டியிருப்பதால், பத்து லட்சம் எடைகள் என்றால் இருபது லட்சம் கணக்கீடு. அதனால் இதைக் கற்பிக்கும் வேலையில் சேர்ப்பதில்லை. நெட்வொர்க்கைச் சிறிதாக்கி, ஒவ்வோர் அடுக்கிலும் சில எடைகளை மட்டும் பொறுக்கிச் சோதித்துவிட்டு அணைத்துவிடுவார்கள். இன்று பைடார்ச் போன்ற நூலகங்களே வகைக்கெழுவைக் கண்டுவிடுகின்றன. ஆனாலும் புதிய சார்பு ஒன்றுக்கு வகைக்கெழுவைத் தாமே எழுதுபவர்கள், அதே நூலகத்திலுள்ள `torch.autograd.gradcheck` மூலம் இதே சோதனையைத்தான் ஓட்டுகிறார்கள். அதன் இயல்பான வரம்புகள் 64 பிட் எண்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. 32 பிட் எண்களைக் கொடுத்தால், சரியாக எழுதிய வகைக்கெழுவும் தேறாமல் போகலாம்.