பிள்ளைகள் வரையும் பள்ளி வரைபடம்

“உங்க ஸ்கூல் பாதுகாப்பா இருக்கா?” என்று ஒரு வகுப்பில் போய்க் கேட்டால், “இருக்கு சார்” என்று எல்லோரும் சேர்ந்து ராகம் போட்டுச் சொல்வார்கள். அதே பிள்ளைகளில் ஏழு பேரைத் தனி அறையில் வட்டமாக உட்காரவைத்து, நடுவில் ஒரு சார்ட் தாளை விரித்து, “உங்க பள்ளிக்கூடத்தை வரைஞ்சு காட்டுங்க” என்றால் வேறு பேச்சு வரும். கழிப்பறைக்குப் போகும் வழி, மாலை பஸ்ஸின் பின்வாசல், சைக்கிள் ஸ்டாண்டு எல்லாம் ஒவ்வொன்றாக அந்தத் தாளுக்கு வந்து சேரும்.

இப்படிக் குழுவாகப் பேசவைத்துத் தகவல் திரட்டும் முறை 1940களில் அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டனும் அவருடைய சகாக்களும் வானொலி நேயர்களை ஆராய்ந்தபோது உருப்பெற்றது. ஒருவர் சொல்வது இன்னொருவருக்கு வேறொன்றை நினைவுபடுத்தும். அதுதான் இதன் பலம். ஆனால் குழுவில் சொன்னதை ஆறு சகமாணவர்கள் கேட்டிருப்பார்கள். மறுநாள் அது வகுப்பு முழுக்கப் பரவலாம். ஆகவே பள்ளிப் பாதுகாப்பைப் பற்றிப் பதின்வயதினரிடம் பேசும் கூட்டத்துக்கு ஒரே அடிப்படை விதிதான்: “உனக்கு என்ன நடந்தது?” என்று கேட்கக் கூடாது, “இங்கே எந்த இடத்தில், எந்த நேரத்தில், உங்களைப் போன்ற பிள்ளைகள் பயப்படுவார்கள்?” என்றுதான் கேட்க வேண்டும். மற்ற ஏற்பாடெல்லாம் இந்த ஒரு விதியைக் காப்பாற்றத்தான்.

ஒரு சிறு நகரத்து அரசு மேல்நிலைப் பள்ளியை உதாரணமாக வைத்துக்கொள்வோம். இருபாலரும் படிக்கிறார்கள், பாதிப் பேர் டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள். 9, 10 படிப்பவர்கள் ஒரு பிரிவு, 11, 12 படிப்பவர்கள் இன்னொரு பிரிவு. இரண்டிலும் ஆண்களும் பெண்களும் தனித்தனி. ஆக நான்கு வகை. பதினான்கு வயதுப் பையன் பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன்கள் முன்னால் வாய் திறக்க மாட்டான். அவன் சொல்ல வேண்டியதே அவர்களைப் பற்றியதாக இருக்கலாம். வகைக்கு இரண்டு கூட்டமாவது வேண்டும். இரண்டாவதில் புதிதாக எதுவும் வரவில்லையென்றால் போதும். வந்தால் மூன்றாவதையும் நடத்த வேண்டும்.

பெரும்பாலும் கூட்டம் கெடுவது ஆட்களைத் தேர்வு செய்வதில்தான். தலைமையாசிரியரிடம் விட்டால் நன்றாகப் பேசும், அடக்கமான பிள்ளைகளை அனுப்புவார். அது அவர் குற்றமில்லை; பள்ளிக்கு நல்ல பெயர் வேண்டும் என்று நினைப்பது இயல்பு. வருகைப் பதிவேட்டை வாங்கி இத்தனைக்கு ஒருவர் என்று நாமே எடுக்க வேண்டும். வகுப்பாசிரியரிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளலாம்: இவர்களில் ஒருவரையொருவர் சேர்த்து உட்காரவைக்கக் கூடாதவர்கள் இருக்கிறார்களா? அடிப்பவனும் அடிவாங்குபவனும் ஒரே வட்டத்தில் இருந்தால் அந்தக் கூட்டத்தால் பயனில்லை, தீங்குதான்.

பெற்றோரின் எழுத்துச் சம்மதமும், பிள்ளையின் சம்மதமும் தனித்தனியாக வேண்டும். அம்மா கையெழுத்துப் போட்டாலும் பிள்ளை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அறை ஆசிரியர் அறைக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. நேரம் விளையாட்டுப் பீரியடாகவோ, கடைசி பஸ்ஸை விட்டுவிடும்படியோ அமையக் கூடாது. நெறியாளரும் குறிப்பெடுப்பவரும் பள்ளிக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள். பெண்கள் குழுவுக்கு இருவரும் பெண்கள். இன்னொருவர் மிக முக்கியம்: குழந்தைகளிடம் பேசப் பயிற்சி பெற்ற ஆலோசகர். கூட்டம் முடியும்வரை அவர் பக்கத்து அறையில் இருக்க வேண்டும்.

இனி நெறியாளர் கையில் இருக்க வேண்டிய வழிகாட்டி. மொத்தம் 75 நிமிடம். கேள்விகளைப் பிள்ளைகள் பேசும் மொழியிலேயே எழுதிக்கொண்டு, முதலில் வேறொரு பள்ளியில் ஒருமுறை நடத்திப் பார்த்துவிட வேண்டும்.

முதல் 10 நிமிடம் அறிமுகமும் விதிகளும். இங்கே சொல்லும் வார்த்தைகளை மாற்றாமல் வாசிப்பது நல்லது: “நாங்க டீச்சர் இல்ல, எங்களை அக்கான்னே கூப்பிடுங்க. இங்க சரி, தப்புன்னு பதில் கிடையாது. யார் பேரையும் சொல்ல வேண்டாம். உங்களுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டாம். பொதுவா என்ன நடக்குதுன்னு சொன்னாப் போதும். இங்க பேசினதை வெளிய சொல்லக் கூடாதுன்னு எல்லாரும் ஒத்துக்குவோம். ஆனா யாரும் சொல்லவே மாட்டாங்கன்னு என்னால உறுதி கொடுக்க முடியாது. ஒரு பிள்ளைக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா, நான் அதைச் சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லியாகணும்.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடும் நெறியாளர்கள் உண்டு. சொன்னால் பிள்ளைகள் பேச மாட்டார்கள் என்ற பயம். ஆனால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்; தவறினால் தண்டனை உண்டு. ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு அதை மீறினால், அந்தப் பிள்ளை இன்னொரு பெரியவரை நம்ப மாட்டாள்.

அடுத்த 5 நிமிடம் சும்மா பேச்சு: பள்ளியில் எந்த இடம் பிடிக்கும், ஏன்? பிறகு 20 நிமிடம் வரைபடம். பள்ளியையும் வரும் வழியையும் பிள்ளைகளே வரையட்டும். நிம்மதியான இடத்துக்குப் பச்சை ஸ்கெட்ச், தயக்கமான இடத்துக்குச் சிவப்பு. அதன்மேல் 25 நிமிடப் பேச்சு: “இங்க ஏன் சிவப்பு? எந்த நேரத்துல? அப்ப பசங்க என்ன செய்வாங்க? யார்கிட்டயாவது சொல்வாங்களா? சொன்னா என்ன ஆகும்?” கடைசிக் கேள்வியில்தான் அதிக விஷயம் கிடைக்கும். பெண்கள் குழு கழிப்பறையைச் சிவப்பாக்கினால், தாழ்ப்பாள் இல்லாததா, வழியில் நிற்கும் பையன்களா, இரண்டும் சேர்ந்ததா என்று பிரித்துக் கேட்க வேண்டும். முதலாவது என்றால் தச்சர் போதும். இரண்டாவது என்றால் இடைவேளையில் அங்கே ஓர் ஆசிரியர் நிற்க வேண்டும். “ஸ்கூல்ல சொன்னா வீட்டுக்குத் தெரியும், படிப்பை நிறுத்திடுவாங்க” என்று ஒரு பெண் சொன்னால், புகார்ப் பெட்டி வைத்து மட்டும் பயனில்லை என்று புரியும்.

ஐந்து நிமிடத்திலேயே “எங்க ஸ்கூல்ல ஒரு பிரச்சினையும் இல்ல” என்று எல்லோரும் சொன்னால் கதவருகே யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஒருவனே பேசினால், “நீங்க சொன்னது சரி, மத்தவங்களுக்கு வேற மாதிரித் தோணுதா?” என்று பார்வையைத் திருப்ப வேண்டும். ஒரு பெண் “எனக்கு ஒருநாள்…” என்று தொடங்கினால், அவளை வெட்டாமல், தொடரவும் விடாமல், “நீங்க சொல்றது முக்கியம். நாம தனியாப் பேசுவோம்” என்று சொல்லிவிட்டு, குழுவை வரைபடத்துக்கு இழுத்துவர வேண்டும். ஆலோசகர் அவளைக் கூட்டம் முடிந்த பிறகு எல்லோர் கண்ணிலும் படாமல் சந்திக்க வேண்டும்.

அடுத்த 10 நிமிடம்: “முதல்ல எதை மாத்தணும்?” கடைசி 5 நிமிடத்தில் எல்லோர் கையிலும் ஒரே சீட்டு: குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417.

அறிக்கையில் சதவீதம் எழுதாதீர்கள். ஏழு பேர் பேச்சு கணக்கெடுப்பு ஆகாது. சொன்னவர் யாரென்று காட்டிக்கொடுக்கும் மேற்கோளையும் எடுத்துவிடுங்கள். தாழ்ப்பாள் போட்ட செய்தியோ, போட முடியாத காரணமோ, எதுவானாலும் அதே பிள்ளைகளிடம் திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். ஆலோசகர் வர முடியாத நாளென்றால், அனுமதிக் கடிதம் கையில் இருந்தாலும், கூட்டத்தைத் தள்ளிவையுங்கள்.