ஒரு கொலாஜில் பன்னிரண்டு மாதம்

குழந்தைக்கு ஒரு வயது நிறையும்போது பிறந்தநாள் கொலாஜ் தயாராகிவிடுகிறது. நடுவில் கேக்கோடு பெரிய படம், சுற்றிலும் மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு சின்னப் படங்கள். மேலே முழுப்பெயர், கீழே பிறந்த தேதி, ஓரத்தில் அப்பா அம்மா பெயர், விழா நடக்கும் மண்டபமும் நேரமும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்ததை உறவினர் ஒருவர் எடுத்து ஃபேஸ்புக்கில் எல்லோரும் பார்க்கும்படி போடுகிறார். அன்பில் செய்வதுதான். ஆனால் தனித்தனியாக இருந்தவரை யாருக்கும் பயன்படாத விவரங்கள் அந்த ஒரே படத்தில் ஒன்றுகூடிவிடுகின்றன.

2024 ஜூலையில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு வெளியிட்ட தகவல் இதற்கு நல்ல உதாரணம். செயற்கை நுண்ணறிவைப் பழக்கப் பயன்பட்ட ‘லயான்-5பி’ என்ற தரவுத் தொகுப்பில் சுமார் 585 கோடிப் படங்களின் இணைப்புகள் இருந்தன. அதில் மிகச் சிறு பகுதியை மட்டும் பார்த்ததிலேயே ஆஸ்திரேலியக் குழந்தைகளின் 190 படங்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்றில் மூன்று, நான்கு வயதுச் சிறுவர்கள் இருவர். அவர்களின் முழுப்பெயர், வயது, பெர்த் நகரில் படிக்கும் மழலையர் பள்ளியின் பெயர் எல்லாம் படத்தோடு வந்த குறிப்பிலேயே இருந்தன. நம் கொலாஜ்களில் அந்தக் குறிப்பு படத்தின் மீதே அச்சாகிறது.

வெளியிடும் முன் முடிந்த கொலாஜைப் போனில் திறந்து ஒவ்வொரு கட்டத்தையும் விரல்களால் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். ஸ்டாம்ப் அளவில் தெரிந்த ஏழாம் மாதப் படத்தில் வீட்டுக் கதவு எண் துலங்கும்; பதினோராம் மாதத்தில் பிளே ஸ்கூல் பையின் பெயர் தெரியும். குளியல் தொட்டிப் படமும் பெரும்பாலும் இந்தக் கட்டங்களுக்குள்தான் ஒளிந்திருக்கும். அதை எடுத்துவிட்டு வேறு படம் வைப்பதே சரி. ஸ்டிக்கர் ஒட்டினால் போதாது, மறைக்காத மூலப்படம் வேறெங்கோ இருக்கும்.

பொதுவில் போடும் பிரதியில் செல்லப்பெயர் மட்டும் போதும். பிறந்த தேதி வேண்டாம். மண்டப விவரம் அழைப்பிதழில் இருக்கட்டும். கொலாஜ் விழா முடிந்த பிறகு வரட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் குரூப் போட்டோவில் இருந்தால் அவர்கள் பெற்றோரிடம் கேட்காமல் போடக் கூடாது.

கொலாஜ் செய்து தரும் ஸ்டுடியோவிடமும் இரண்டு விஷயம் பேச வேண்டும். மூலப்படங்களையும், பின்னணி நீக்கிக் குழந்தையை மட்டும் வெட்டியெடுத்த லேயர்களையும் யாருக்கும் தரக் கூடாது. அப்படி வெட்டிய உருவத்தை எந்தப் பின்னணியிலும் ஒட்டிவிடலாம். ‘சாம்பிள்’ என்று ஸ்டுடியோ தன் பக்கத்தில் போடுவதற்கு உங்களுக்குச் சம்மதமா இல்லையா என்பதை எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். ஸ்டுடியோவுக்குப் படம் அனுப்பும்போது தரம் குறையாதிருக்க ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புவது வழக்கம். அப்போது படம் எடுத்த இடத்தின் குறிப்பும் கூடவே போகும். கேமரா செட்டிங்கில் லொகேஷனை முன்பே அணைத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை.

படம் ஆபாசமாக மாற்றப்பட்டுப் பரவுவது தெரிந்தால் அதைச் சேமிக்கவோ யாருக்கும் அனுப்பவோ வேண்டாம். இணைப்பை மட்டும் குறித்துக்கொண்டு cybercrime.gov.in தளத்தில் உடனே புகார் கொடுங்கள். குழந்தைகள் தொடர்பான இத்தகைய புகாரை அங்கே பெயர் சொல்லாமலும் பதிவு செய்யலாம்.