முகவரிக்குப் பெயர் கேட்டு ஒரு கடிதம்

சொந்தமாக மெயில் சர்வர் வைத்திருக்கும் சிறு தொழில் உரிமையாளர், தமக்கு இணைய இணைப்பு தரும் நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் இரண்டு கோரிக்கைகள் சேர்ந்தே வரும். ஒன்று, மாறாத ஐ.பி. முகவரி. மற்றொன்று, அந்த முகவரிக்கு ஒரு பெயரைச் சூட்டும் தலைகீழ் டி.என்.எஸ். பதிவு. முதலாவது இல்லாமல் இரண்டாவதால் பயனில்லை. முகவரி நாளைக்கே மாறிவிட்டால், இன்று எழுதிய பெயர் வேறு யாரோ ஒரு வாடிக்கையாளரின் இணைப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் ஓர் அச்சகத்தை எடுத்துக்கொள்ளலாம். விலைப்பட்டியலும் மாதிரிப் படங்களும் மின்னஞ்சலில்தான் போகின்றன. உரிமையாளர் அலுவலகக் கணினி ஒன்றையே மெயில் சர்வர் ஆக்குகிறார். ஊருக்குள் இருக்கும் சில முகவரிகளுக்குக் கடிதம் போய்ச் சேர்கிறது. ஜிமெயிலுக்கு அனுப்பியவை மட்டும் இப்படியொரு வரியோடு திரும்பி வருகின்றன:

```
550-5.7.25 The IP address sending this message does not have a PTR record setup
```

அனுப்பிய ஐ.பி. முகவரிக்குப் பி.டி.ஆர். பதிவு இல்லை என்பதே இதன் பொருள். டி.என்.எஸ்.ஸில் வழக்கமாக நடப்பது பெயரைக் கொடுத்து எண்ணை வாங்குவது. பி.டி.ஆர். அதற்கு நேர்மாறு, எண்ணைக் கொடுத்துப் பெயரைக் கேட்பது. டொமைன் பெயரில் பெரிய பிரிவு வலது ஓரத்தில் இருக்கும், ஐ.பி. எண்ணிலோ இடது ஓரத்தில் இருக்கும். இரண்டையும் ஒரே முறைக்குள் கொண்டுவர எண்ணைத் திருப்பிப் போட்டு, பின்னால் ஒரு வாலைச் சேர்க்கிறார்கள். இந்தக் கட்டுரையில் காட்டும் 203.0.113.25 என்பது விளக்கத்துக்காகவே ஒதுக்கப்பட்ட எண். அதற்கான தலைகீழ்ப் பெயர் இது:

```
25.113.0.203.in-addr.arpa
```

அச்சக உரிமையாளர் வழக்கமாகத் தடுமாறும் இடம் இனிமேல்தான். டொமைனை அவர்தான் காசு கொடுத்து வாங்கினார். அதன் பதிவுகளை எல்லாம் அவரே மாற்றுகிறார். அதே பக்கத்தில் பி.டி.ஆர். என்ற ஒன்றையும் சேர்த்துவிட்டு, சரியாகிவிட்டது என்று காத்திருப்பார். சரியாகாது. எண்கள் வேறு வழியாக இறங்கி வருபவை. ஆசிய பசிபிக் வட்டாரத்தில் ஏப்னிக், இந்தியாவில் ஐ.ஆர்.ஐ.என்.என். வழியாக இணைய நிறுவனங்களுக்குத் தொகுதி தொகுதியாக அவை ஒதுக்கப்படுகின்றன. தலைகீழ்ப் பெயரை எழுதும் உரிமையும் அந்தத் தொகுதியோடு சேர்ந்தே போகிறது. வாடகைக்கு இருப்பவர் விசிட்டிங் கார்டில் எதை வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். வாசலில் பெயர்ப்பலகை மாட்ட வீட்டுக்காரர் இசைய வேண்டும். கடிதம் எழுத வேண்டி வருவது இதனால்தான்.

எழுதும் முன் ஒரு சோதனை தேவை. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளி இணைப்புக்குரிய முகவரியைப் பார்த்து, வெளியிலிருந்து தெரியும் முகவரியோடு ஒப்பிட வேண்டும். ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று அறியலாம். அப்படியானால் வெறுமனே ‘மாறாத முகவரி’ என்று கேட்டால் போதாது. ‘பொது முகவரி’ என்ற சொல்லும் கடிதத்தில் இருக்க வேண்டும்.

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. அதை முதலில் படிப்பவர் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இருப்பார். அவர் புரிந்துகொண்டு சரியான பிரிவுக்குத் தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான். அச்சகத்தின் கடிதம் ஏறக்குறைய இப்படி அமையலாம்:

“ஐயா, வணக்கம். எங்கள் வணிக இணைப்பின் எண் மேலே உள்ளது. இந்த இணைப்பில் சொந்த மெயில் சர்வர் நடத்துகிறோம். இதற்கென மாறாத, பொது ஐ.பி.வி4 முகவரி ஒன்றை ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். முகவரி கிடைத்ததும் mail.example.com என்ற பெயரை அதை நோக்கித் திருப்பிவிட்டு உங்களுக்குத் தெரிவிப்போம். அதன்பின் அந்த முகவரிக்கு mail.example.com என்ற பி.டி.ஆர். பதிவை உங்கள் டி.என்.எஸ்.ஸில் சேர்க்க வேண்டுகிறோம். முகவரித் தொகுதி உங்கள் பெயரில் இருப்பதால் இதை எங்கள் டொமைன் நிறுவனத்தால் செய்ய இயலாது. வெளியே செல்லும் போர்ட் 25 அடைக்கப்பட்டிருந்தால் திறந்துவிடவும். இக்கடிதத்தை டி.என்.எஸ். கவனிக்கும் தொழில்நுட்பப் பிரிவுக்கு அனுப்பவும்.”

இதில் அதிகம் உதவுவது ‘எங்கள் டொமைன் நிறுவனத்தால் செய்ய இயலாது’ என்ற வரி. அது இல்லாவிட்டால், ‘உங்கள் டொமைன் வாங்கிய இடத்தில் கேளுங்கள்’ என்ற பதிலோடு புகார் எண் மூடப்பட வாய்ப்புண்டு. போர்ட் 25 பற்றிய வரிக்கும் காரணம் உண்டு. ஒரு மெயில் சர்வர் இன்னொன்றுக்குக் கடிதம் கொடுப்பது அந்தப் போர்ட் வழியாகத்தான். வைரஸ் பிடித்த வீட்டுக் கணினிகள் குப்பை அஞ்சல் அனுப்புவதைத் தடுக்கப் பல நிறுவனங்கள் அதை அடைத்து வைப்பதுண்டு.

பெயரை முதலில் எண்ணை நோக்கித் திருப்பிவிட்டு, பிறகு எண்ணுக்குப் பெயர் கேட்பதாக எழுதியதும் காரணத்தோடுதான். தொகுதியை வைத்திருப்பவர் தலைகீழ்ப் பதிவில் எந்தப் பெயரையும் எழுதலாம். ஏதோ ஒரு வங்கியின் பெயரைக்கூட. ஆகவே பெறும் சர்வர், எண்ணுக்குக் கிடைத்த பெயரை மறுபடியும் எண்ணாக மாற்றிப் பார்க்கும். புறப்பட்ட எண்ணே திரும்பி வந்தால்தான் நம்பும். ஜிமெயில் 2024 பிப்ரவரி முதல் கறாராக்கிய விதிகளில் இந்த இருவழிப் பொருத்தமும் ஒன்று.

நிறுவனம் ‘முடிந்தது’ என்று பதில் எழுதியபின் அதை உரிமையாளரே சோதிக்கலாம்:

```
dig -x 203.0.113.25 +short
dig mail.example.com +short
```

முதல் கட்டளைக்கு mail.example.com. என்றும், இரண்டாவதற்கு 203.0.113.25 என்றும் விடை வர வேண்டும். பழைய விடை சில மணி நேரம் நினைவகங்களில் தங்கியிருக்கலாம். மறுநாளும் அதுவே வந்தால் பிழை வேறெங்கோ இருக்கிறது. இணைய நிறுவனத்தார் அடிக்கடி செய்யும் பிழை ஒரு புள்ளியை விடுவது. பதிவில் பெயரின் கடைசியில் புள்ளி வைக்காவிட்டால், டி.என்.எஸ். மென்பொருள் அதைப் பாதிப் பெயர் என்று எண்ணித் தன் வாலை ஒட்டிவிடும்:

```
mail.example.com.113.0.203.in-addr.arpa.
```

இப்படி ஒரு விடை வந்தால் அதை அப்படியே நகலெடுத்து, ‘கடைசிப் புள்ளி விடுபட்டிருக்கிறது’ என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும். எண்ணையே பெயருக்குள் கோத்த பொதுப்பெயர் ஒன்று வந்தால், நிறுவனம் கோரிக்கையைத் தொடவே இல்லை, தானாக உருவான பழைய பதிவே நிற்கிறது என்று கொள்ளலாம். அத்தகைய பெயர்களைப் பெறும் சர்வர்கள் வீட்டு இணைப்பாக எண்ணிச் சந்தேகிப்பதுண்டு.

இரண்டும் சரியாக இருந்தும் ஜிமெயிலில் சில கடிதங்கள் மட்டும் திரும்பினால், அந்த மறுப்பு வரியில் இருக்கும் எண்ணை உற்றுப் பார்க்க வேண்டும். அது முக்காற்புள்ளிகள் நிறைந்த நீண்ட எண்ணாக இருந்தால், சர்வர் ஐ.பி.வி6 வழியாகப் போயிருக்கிறது. கடிதத்தில் அதற்குப் பெயர் கேட்கவே இல்லை. அதற்கும் தனியே கேட்கலாம். அதுவரை, போஸ்ட்ஃபிக்ஸ் பயன்படுத்துபவர் இந்த வரியைச் சேர்த்து, மென்பொருளை நிறுத்தித் தொடங்கினால் கடிதங்கள் பழைய வழியிலேயே போகும்:

```
inet_protocols = ipv4
```

மறுப்பு நின்றபின் கடிதம் குப்பைப் பெட்டிக்குள் விழுவது வேறு பிரச்சினை. அதற்கு எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். என்ற பதிவுகளை டொமைனில் சேர்க்க வேண்டும். அவை உரிமையாளர் கையிலேயே இருப்பதால் யாருக்கும் கடிதம் எழுத வேண்டாம். முகவரியை முன்பு வைத்திருந்தவர் குப்பை அஞ்சல் அனுப்பித் தடைப்பட்டியலில் சேர்த்திருந்தால் மட்டும், நிறுவனத்திடம் வேறு எண் கேட்டு இன்னொரு கடிதம் போக வேண்டியிருக்கும். அப்போது பி.டி.ஆர். கோரிக்கையையும் புதிய எண்ணோடு மறுபடி எழுத வேண்டும். பழைய எண்ணுக்கு எழுதிய பெயர் தானாக இடம் மாறி வராது.