கொட்டேஷனோடு போகும் நாலு வரி

மொட்டை மாடிக்கு ஷீட் கூரை போட ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் விலை கேட்கிறோம். ஆள் வந்து அளவெடுத்துப் போகிறார். இரண்டு நாளில் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வருகிறது. கூடவே இப்படி ஒரு செய்தி: “சார், கொட்டேஷன் அனுப்பியிருக்கேன். மொத்தம் 1,80,000. ஜிஎஸ்டி தனி. 50% அட்வான்ஸ், மீதி வேலை முடிந்ததும். வேலிடிட்டி 15 நாள்.”

படித்தால் எல்லாம் இருப்பதுபோலத்தான் தெரியும். பிடிஎஃப்பைத் திறந்து கடைசிப் பக்கம்வரை படிப்பவர்கள் குறைவு. பெரும்பாலோர் மனதில் நிற்பது இந்த நாலு வரிதான். தகராறும் இங்கிருந்துதான் கிளம்பும்.

50% என்றால் எதில் பாதி? வீட்டுக்காரர் 1,80,000-இல் பாதியாக 90,000 அனுப்புவார். பட்டறைக்காரர் 18% வரியான 32,400-ஐயும் சேர்த்து, 2,12,400-இல் பாதியாக 1,06,200 எதிர்பார்ப்பார். வித்தியாசம் 16,200 ரூபாய். கட்டடத்தில் பொருத்தித் தரும் இதுபோன்ற வேலைக்கு, வாங்கும் முன்பணத்துக்கே வரி கணக்காகிவிடும். அதனால் பட்டறைக்காரர் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் அதை அவர் எழுதவில்லையே! சதவீதம் கணக்குப் போடுகிறவருக்கு உதவும்; பணம் அனுப்புகிறவருக்கு ரூபாயில்தான் சொல்ல வேண்டும்.

“வேலை முடிந்ததும்” இன்னும் வழுக்கலான சொல். ஷீட் ஏறியதும் முடிந்தது என்பார் பட்டறைக்காரர். பெயின்ட் இரண்டாவது கோட், மழைநீர்க் குழாய் எல்லாம் முடிந்தால்தான் முடிந்தது என்பார் வீட்டுக்காரர். பாதித் தொகை அந்த இடைவெளியில் மாட்டிக்கொள்ளும். மூன்று தவணையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துச் சரி சொல்லக்கூடிய ஒரு கட்டத்தோடு கட்டிவிட்டால் இருவருக்கும் நல்லது.

அடுத்தது 15 நாள். எந்த நாளிலிருந்து? அதற்குள் “சரி, செய்யுங்க” என்றால் போதுமா, பணம் கணக்கில் ஏற வேண்டுமா? இரும்பு விலை வாரத்துக்கு வாரம் நகரும் சரக்கு. 15-ஆம் நாள் சரி என்று சொல்லிவிட்டு, ஒரு மாதம் கழித்து முன்பணம் அனுப்பினால் பழைய விலைக்கு வேலை செய்ய யாரால் முடியும்? 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், ஒரு முன்மொழிவில் குறித்த கெடு தாண்டினால் அது காலாவதியாகும் என்கிறது; கெடுவே குறிக்காவிட்டால் ‘நியாயமான காலம்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. அந்த நியாயத்தை அளந்து சண்டை போடுவதைவிட ஒரு தேதியை எழுதிவிடுவது சுலபம்.

வீட்டுக்காரர் இடையில் மனம் மாறினால் முன்பணம் என்ன ஆகும் என்பதைப் பலர் எழுதவே கூசுவார்கள். சிலர் “அட்வான்ஸ் திரும்பக் கிடைக்காது” என்று ஒரே போடாகப் போடுவார்கள். அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவு, ஒப்பந்தம் முறிந்தால் நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. ஆகவே அந்த ஒற்றை வரி மிரட்டலாக இருக்குமே தவிர, வழக்கு என்று வந்தால் முழுத் தொகையையும் காப்பாற்றித் தரும் என்று நம்ப முடியாது. எந்தக் கட்டத்தில் நிறுத்தினால் எவ்வளவு கழிப்போம் என்று சொல்வதே உறுதியான வழி.

இனி, அதே செய்தியைத் திருத்தி எழுதினால்:

“வணக்கம் சார். மாடி ஷீட் கூரைக்கான கொட்டேஷன் இணைத்திருக்கிறேன். வேலைக்கு 1,80,000, ஜிஎஸ்டி 32,400, மொத்தம் ரூ. 2,12,400.

முன்பணம் 1,06,000. தூண்களும் ட்ரஸ்ஸும் நிறுத்தியதும் 64,000. ஷீட், மழைநீர்க் குழாய், பெயின்ட் முடித்து நீங்கள் பார்த்த அன்று 42,400. எல்லாம் வரி உட்பட.

மார்ச் 17-க்குள் முன்பணம் கணக்கில் வந்தால் இந்த விலை நிற்கும். அதன்பின் அன்றைய இரும்பு விலைக்குப் புதுக் கொட்டேஷன் தருவேன். முன்பணம் வந்த நாளிலிருந்து 20 நாளில் வேலை முடியும்.

பைப் வெட்டும் முன் வேண்டாம் என்றால் அளவெடுப்புக்கு 2,000 மட்டும் கழித்துத் திருப்பித் தருகிறேன். வெட்டிய பிறகு என்றால், வெட்டிய பொருளுக்கும் அதுவரை ஆன கூலிக்கும் பில் காட்டிக் கழிப்பேன்.”

தவணைகளை வேண்டுமென்றே முழு நூறுகளாக ஆக்கியிருக்கிறது; கூட்டினால் 2,12,400 சரியாக வரும். செய்தி முன்னதைவிட நீளம்தான். ஆனால் திரும்பப் போன் போட்டுக் கேட்க இதில் எதுவும் மிச்சமில்லை.

கடைசியாக, அனுப்பும் முன் பிடிஎஃப்பின் அடிப்பகுதியைப் பாருங்கள். பழைய வாடிக்கையாளருக்குச் செய்த கோப்பையே திருத்தி அனுப்புவது பட்டறைகளில் வழக்கம். அதில் ‘வேலிடிட்டி 7 நாள், 60% அட்வான்ஸ்’ என்று போன வருடத்து நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கும். செய்தியில் ஒன்றும் கொட்டேஷனில் வேறொன்றும் இருந்தால், தனக்குச் சாதகமானதைத்தான் எதிராளி எடுத்துக் காட்டுவார்.